ஒரு சிலிண்டருக்கு எத்தனை தட்டு? காஸ் செலவைச் சாப்பாட்டுக் கணக்கில் பார்ப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காஸ் விலையை நாளால பிரிச்சாப் போதாதா? அதுக்கு மேல என்ன கணக்கு இருக்கு?

ஒரு நாள் செலவு தெரிய வேண்டுமென்றால் போதும். 3,690 ரூபாவுக்கு வாங்கிய 12.5 கிலோ சிலிண்டர் 42 நாள் வந்தால் நாளுக்கு 87 ரூபா 86 சதம், 30 நாள் மாதத்துக்கு 2,636 ரூபா. மாதச் செலவுக் கொப்பியில் எழுத இந்த எண் சரியானதுதான், வேறொன்றும் தேவையில்லை.

அந்த 87 ரூபாவை மூன்றால் பிரித்து "நேரத்துக்கு 29 ரூபா" என்று சொல்லத் தொடங்கும்போதுதான் கணக்கு வழுக்குகிறது. பாண் வாங்கிச் சம்பல் இடித்து பிளேன்டீ மட்டும் ஊற்றிய காலையும், ஆட்டிறைச்சிக் கறி ஒன்றரை மணித்தியாலம் அடுப்பில் கிடந்த ஞாயிறு பகலும் ஒரே 29 ரூபாவா? வெள்ளிக்கிழமை இரவு கொத்து ரொட்டி வாங்கி வந்து சாப்பிட்டால் அந்த நேரத்துக்கும் 29 ரூபா காஸ் எரிந்ததா? இல்லையே. ஆகவே நேரத்தை விட்டுவிட்டுத் தட்டை எண்ணுங்கள். நம் அடுப்பில் சமைத்ததை ஒரு ஆள் ஒரு நேரம் சாப்பிட்டால் ஒரு தட்டு. ஒபிஸுக்குக் கட்டிக்கொண்டு போன பார்சலும் தட்டுத்தான். கடையில் வாங்கியது தட்டு இல்லை.

நாள் எண்ணுறதில என்ன பிழை வரப் போகுது? கலண்டரில குறிச்சா முடிஞ்சுது தானே?

எதைக் குறிக்கிறீர்கள் என்பதில்தான் பிழை வருகிறது. கொழும்பில் இப்போது பல வீடுகளில் இரண்டு சிலிண்டர் இருக்கிறது. 2022 இல் வரிசையில் நின்ற ஞாபகம் இன்னும் போகவில்லை, ஒன்று முடிந்தால் மற்றது தயாராக இருக்க வேண்டும் என்று வாங்கி வைத்திருக்கிறார்கள். அந்த வீடுகளில் பில் திகதிக்கும் சிலிண்டரை அடுப்பில் பூட்டிய திகதிக்கும் இடையில் ஒரு மாதம்கூட இருக்கும். பில்லைப் பார்த்து நாள் எண்ணினால் முன்னைய சிலிண்டரின் நாட்களை இதன் கணக்கில் போடுவீர்கள். விலையை மட்டும் பில்லிலிருந்து எடுங்கள், திகதி றெகுலேட்டர் பூட்டிய நாளாக இருக்கட்டும்.

இன்னொன்று, முடிந்த நாளைத் தனியாகக் குறிக்க வேண்டியதில்லை. பூட்டிய நாளிலிருந்து அடுத்ததைப் பூட்டிய நாள் வரை எண்ணினால் போதும். முதல் நாளையும் கடைசி நாளையும் சேர்த்து எண்ணுகிறவர்கள், பழையது முடிந்து புதியது பூட்டிய அதே நாளை இரண்டு சிலிண்டரிலும் எண்ணிவிடுகிறார்கள். 12.5 கிலோவில் ஒரு நாள் பிழை பெரிதில்லை, 42 இல் ஒன்று. 5 கிலோ சிலிண்டர் 15 நாளில் முடிகிற வீட்டில் அதே ஒரு நாள் கிட்டத்தட்ட 7 சதவீதம். சின்னச் சிலிண்டர் பாவிக்கிறவர்கள் ஒன்றை வைத்து முடிவு எடுக்காமல், அடுத்தடுத்த மூன்றின் விலையையும் நாளையும் கூட்டிப் பிரிப்பது நல்லது.

சரி, ஒரு முழுக் கணக்குப் போட்டுக் காட்டுங்க.

எங்கள் வீட்டுக் கணக்கையே போடுகிறேன். வெள்ளவத்தையில் தொடர்மாடி, நான்கு பேர், மூன்று நேரமும் பெரும்பாலும் வீட்டுச் சாப்பாடு. மார்ச் 3 காலை பூட்டிய சிலிண்டர் ஏப்ரல் 14 காலை முடிந்தது. ஆம், சித்திரைப் புத்தாண்டு அன்று, பொங்கல் பானை பொங்குவதற்குச் சற்று முன்னால். நல்ல நேரம் தவறக்கூடாது என்று அம்மா கையில் உலைமூடியோடு நிற்க, நான் பல்கனியிலிருந்து மற்றச் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்தேன். பூட்டியது முதல் பூட்டியது வரை 42 நாள்.

நான்கு பேர், மூன்று நேரம், 42 நாள் என்றால் 504 தட்டு. இதில் கழிக்க வேண்டியது இரண்டு. ஒரு வியாழன் முதல் ஞாயிறு வரை யாழ்ப்பாணம் போயிருந்தோம், நான்கு நாள் குசினி பூட்டு, 48 தட்டு போயிற்று. வெள்ளிக்கிழமை இரவு எங்களுக்குக் கடைச் சாப்பாடு. 42 நாளில் ஆறு வெள்ளி, ஆனால் ஒன்று யாழ்ப்பாணத்தில் கழிந்தது, அதைத் திரும்பவும் கழித்தால் இரட்டைக் கழிப்பு. ஆகவே ஐந்து வெள்ளி, 20 தட்டு. ஒரு ஞாயிறு சித்தி குடும்பம் பகல் சாப்பாட்டுக்கு வந்தது, எட்டுப் பேர், அது கூட்டல்.

504 இல் 48 போய், 20 போய், 8 கூட்டினால் 444 தட்டு. 3,690 ஐ 444 ஆல் பிரித்தால் தட்டுக்கு 8 ரூபா 31 சதம். எதையும் கழிக்காமல் 504 ஆல் பிரித்திருந்தால் 7 ரூபா 32 சதம் என்று வந்திருக்கும், ஒரு ரூபா குறைவாக. ஒரு ரூபா என்ன பெரிய காசா என்று கேட்கலாம். அடுத்த சிலிண்டரில் ஊருக்குப் போகாமல் இருந்தால் செலவு திடீரென்று ஏறியது போல் தெரியும், அடுப்பில் பிழையா, லீக்கா என்று தேடத் தொடங்குவீர்கள். அந்த வீண் தேடலைத் தவிர்க்கத்தான் கழிப்பது.

அப்ப மாசச் செலவு 2,636 ஆ, இல்ல அடுப்பு எரிஞ்ச நாளை மட்டும் எடுக்கணுமா?

இரண்டும் வேறு வேறு கேள்விக்குப் பதில். யாழ்ப்பாணம் போன நான்கு நாளைக் கழித்தால் அடுப்பு எரிந்தது 38 நாள், நாளுக்கு 97 ரூபா 11 சதம், வெளியே எங்கும் போகாத 30 நாள் மாதத்துக்குச் சுமார் 2,913 ரூபா. போன மாதங்களில் உண்மையில் எவ்வளவு போயிற்று என்று பார்க்க 2,636. பள்ளிக்கூட விடுமுறை, எல்லோரும் வீட்டில், அடுத்த மாதத்துக்கு எவ்வளவு ஒதுக்குவது என்றால் 2,913. எங்கள் வீட்டில் நான் முதலாவதைச் சொல்வேன், மனைவி இரண்டாவதைச் சொல்வாள். பெரும்பாலும் அவள் எண்தான் சரியாக வரும்.

கடைக்காரர் வீட்ட கொண்டு வந்து தர்றதுக்கு எடுக்கிற காசைச் சேர்க்கிறதா?

சேருங்கள். ஓட்டோவில் கொண்டுவந்து மூன்றாம் மாடிக்கு ஏற்றித் தர 150 ரூபா கொடுத்தால் சிலிண்டர் விலை 3,840. தட்டுக்கு 34 சதம் கூடும். புதிதாகச் சிலிண்டர் எடுத்தபோது கொடுத்த வைப்புப் பணத்தைச் சேர்க்க வேண்டாம், அது எரிந்து போகிற காசு இல்லை.

தேத்தண்ணியும் அதே அடுப்பிலதான். அதைச் சாப்பாட்டுக் கணக்கில போடுறது நியாயமா?

நல்ல கேள்வி. எங்கள் பக்கத்து வீடுகளில் காஸ் எங்கே போகிறது என்று தேடினால் முதலில் அகப்படுவது கேத்தல்தான்.

கொழும்பில் குழாய்த் தண்ணீர் 28 பாகை அளவில் வருகிறது. ஒரு லீட்டரை அங்கிருந்து கொதிநிலைக்கு ஏற்ற 300 கிலோயூலுக்குச் சற்றுக் கூடிய வெப்பம் வேண்டும். ஒரு கிலோ காஸ் எரிந்தால் சுமார் 46,000 கிலோயூல் வெளிவரும். ஆனால் அடுப்பு வெப்பத்தில் பாதிக்குச் சற்றுக் கூடத்தான் கேத்தலுக்குள் போகிறது, மீதி குசினியைச் சூடாக்குகிறது. (பகல் 12 மணிக்குக் குசினியில் நிற்கிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.) அந்தக் கணக்கில் ஒரு லீட்டருக்கு 12 கிராம் அளவில் காஸ். கேத்தலே சூடாவதற்கும், விசில் அடித்த பிறகு யாராவது எழும்பி வரும் வரை கொதிப்பதற்கும் கொஞ்சம் சேர்த்தால் 13, 14 கிராம். 12.5 கிலோ 3,690 என்றால் கிலோ 295 ரூபா 20 சதம், ஆகவே லீட்டர் ஒன்றுக்கு 4 ரூபா என்று வைத்துக்கொள்ளலாம்.

எங்கள் வீட்டில் நாளுக்கு மூன்று லீட்டர் கொதிக்கிறது, காலையில் ஒன்று, நாலு மணிக்கு ஒன்று, இரவில் அம்மாவின் சுடுதண்ணிப் போத்தலுக்கு ஒன்று. நாளுக்கு 12 ரூபா, 38 நாளுக்கு 456 ரூபா. அதை 3,690 இலிருந்து எடுத்துவிட்டால் சாப்பாட்டுக்குப் போனது 3,234 ரூபா, தட்டுக்கு 7 ரூபா 28 சதம். அதாவது தட்டுக்கு 8 ரூபா 31 சதம் என்று சொன்னதில் ஒரு ரூபா தேத்தண்ணீரின் காசு. மூன்று பேருக்குத் தேத்தண்ணீர் ஊற்றக் கேத்தலை நிரப்பிக் கொதிக்க வைக்கிற வீடுகளில் இது இன்னும் கூட வரும்.

ஒவ்வொரு மாதமும் இதைப் பிரிக்க வேண்டும் என்று சொல்ல மாட்டேன். ஒரு தடவை பிரித்துப் பாருங்கள். அதன் பிறகு தேத்தண்ணீரோடு சேர்ந்த எண்ணையே தொடர்ந்து எழுதலாம், எல்லா மாதமும் ஒரே மாதிரி எழுதினால் சரி.

கொஞ்சம் கொஞ்சமா ஒவ்வொரு கறிக்கும் என்ன போகுதுன்னு பார்க்க வழி இருக்கா?

அடுப்பின் அடியிலோ பின்பக்கத்திலோ ஒரு தகடு ஒட்டியிருக்கும், அதில் ஒவ்வொரு பேர்னரும் எத்தனை கிலோவாட் என்று போட்டிருப்பார்கள். ஒரு கிலோவாட்டுக்கு மணித்தியாலத்துக்கு 75 கிராம் அளவில் காஸ் என்று எடுங்கள். பெரிய பேர்னர் 3 கிலோவாட் என்றால் முழுக்கத் திறந்து வைத்தால் மணித்தியாலத்துக்கு 225 கிராம், காசில் நிமிடத்துக்கு ஒரு ரூபா பத்துச் சதம். சின்னப் பேர்னர் 1.75 கிலோவாட் என்றால் நிமிடத்துக்கு 65 சதம். குறைத்து வைத்தால் இதிலும் குறையும், எவ்வளவு என்பதைத் தகடு சொல்லாது.

நாலு பேருக்குப் பிட்டு அவிக்க, தண்ணீர் கொதிப்பதோடு சேர்த்து, பெரிய பேர்னரில் 20 நிமிடம் என்றால் 22 ரூபா, தட்டுக்கு ஐந்தரை. இடியப்பம் தட்டுத் தட்டாக அவிக்கும்போது ஒவ்வொரு தடவையும் மூடி திறந்து ஆவி போகிறது, எங்கள் வீட்டில் அரை மணித்தியாலம் தாண்டிவிடும், சொதியும் சம்பலும் வேறு. கடலை ஊறப்போட மறந்த நாள்தான் மோசம். சட்டியில் சின்னப் பேர்னரில் ஒன்றரை மணித்தியாலம் கிடந்தால் கிட்டத்தட்ட 58 ரூபா, அதே கடலை இரவு ஊறிப் பிரஷர் குக்கரில் 25 நிமிடத்தில் இறங்கினால் 16 ரூபா. மறந்தது நான், மனைவி மறக்க மாட்டாள், ஆனால் அந்த 42 ரூபாவைக் கணக்கில் எழுதியதும் நான்தான் என்பதையும் சொல்ல வேண்டும்.

ரைஸ் குக்கர்ல சோறு போடுற வீடும் அடுப்பில வடிக்கிற வீடும் எண்ணை ஒப்பிடலாமா?

கூடாது. ரைஸ் குக்கர் வீட்டின் தட்டுக் கணக்கில் சோற்றின் எரிபொருள் இல்லவே இல்லை, அது மின்சார பில்லுக்குப் போய்விட்டது. அக்கா வீட்டில் தட்டுக்கு 5 ரூபா என்று கேட்டு நான் ஒரு கிழமை மண்டையைப் போட்டு உடைத்தேன், பிறகுதான் தெரிந்தது அங்கே சோறு, கேத்தல் இரண்டும் கரண்டில் என்று. உங்கள் வீட்டைப் போன மாதத்து உங்கள் வீட்டோடு ஒப்பிடுங்கள்.

தேதி, தட்டு எல்லாம் வேண்டாம், சிலிண்டரைத் தூக்கி நிறுத்துப் பார்த்தா என்ன?

நிறுப்பதுதான் எல்லாவற்றிலும் சரியான வழி, தராசு இருந்தால். சிலிண்டரின் மேல் வளையத்தில் அதன் வெற்று நிறை பதித்திருக்கும், கிலோவில், தசம புள்ளியோடு. ஒவ்வொரு சிலிண்டருக்கும் அது வேறு, பக்கத்து வீட்டு எண்ணை எடுக்காதீர்கள். மொத்த நிறையில் அதைக் கழித்தால் உள்ளே இருக்கும் காஸ். ஆள் நிறை பார்க்கும் டிஜிட்டல் தராசு போதும், அது 100 கிராம் 100 கிராமாகத்தான் கூட்டிக் குறைத்துக் காட்டும், ஒரு கேத்தல் தண்ணீர் அதில் தெரியாது. ஒரு கிழமைக்கு நன்றாகத் தெரியும். தராசைக் கெட்டியான தரையில் வையுங்கள், கால்மிதியில் வைத்தால் எண் ஆடும். றெகுலேட்டரை மூடிக் கழற்றிய பிறகே தூக்குங்கள், பைப்போடு வைத்தால் பைப் இழுத்து நிறை பிழையாகக் காட்டும்.

ஒரு ஞாயிறு காலை 24.6 கிலோ, அடுத்த ஞாயிறு காலை 22.5 கிலோ என்றால் எரிந்தது 2.1 கிலோ, 620 ரூபா. அந்தக் கிழமை 78 தட்டு என்றால் தட்டுக்கு 7 ரூபா 95 சதம். சிலிண்டர் முடியும் வரை காத்திருக்க வேண்டியதில்லை என்பதுதான் இதில் வசதி. விரத நாட்கள் வந்த கிழமை, உறவினர் வந்து தங்கிய கிழமை என்று தனித்தனியாகப் பார்க்கலாம்.

இன்னொரு பிரயோசனம், வாங்கும்போதே நிறுக்கலாம். ஒரு தடவை கொண்டுவந்து தந்த சிலிண்டரை நிறுத்தால் இருக்க வேண்டியதில் ஒரு கிலோவுக்கு மேல் குறைவு. சீல் பார்ப்பதற்குச் சரியாகத்தான் இருந்தது. திருப்பிக் கொடுத்தேன், முணுமுணுத்துக்கொண்டே மாற்றித் தந்தார்கள். ஒரு கிலோ குறைவு என்றால் 295 ரூபா, எங்கள் வீட்டில் மூன்று நாள் சமையல். நிறுத்துப் பார்க்காமல் இருந்திருந்தால் "இந்த முறை கெதியாக முடிஞ்சு போச்சு, யார் சுடுதண்ணி கூடப் போட்டது" என்று வீட்டுக்குள்தான் சண்டை நடந்திருக்கும்.

போன முறை 42 நாள், இந்த முறை 33 நாள். லீக்கா?

முதலில் தட்டைப் பாருங்கள். 33 நாளில் 430 தட்டு ஓடியிருந்தால் ஒன்றும் நடக்கவில்லை, விருந்தாளிகள் வந்திருந்தார்கள், அவ்வளவுதான். நாள் குறைந்து தட்டும் அதே அளவில் குறைந்து, உதாரணமாக 340 தட்டில் முடிந்திருந்தால், தட்டுக்கு 10 ரூபா 85 சதம் வரும். அப்போதுதான் தேட வேண்டும்.

தேடுவதில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. பூட்டிய அன்று நிறுத்திருந்தால் நிறை குறைவு என்ற சந்தேகம் அங்கேயே முடியும். அடுத்து சுடரைப் பாருங்கள். நீலமாக இல்லாமல் மஞ்சள் நாக்கு நீட்டி எரிந்து, சட்டியின் அடியில் கரி பிடித்தால் பேர்னர் துளைகளில் பொங்கி வழிந்த பால், சோற்றுக் கஞ்சி அடைத்திருக்கிறது, அல்லது காற்றுப் போகும் வழியில் தூசி. கழற்றிக் கழுவிக் காயவைத்துப் பூட்டினால் பெரும்பாலும் சரியாகும். பெரிய பேர்னரில் சின்னக் கேத்தலை வைத்து, சுடர் பக்கத்தால் ஏறி எரிகிறதா என்பதையும் பாருங்கள், அது காஸை வெளியில் எரிப்பதுதான்.

லீக் என்றால் மணக்கும், ஏனெனில் அதற்காகவே அந்த நாற்றத்தைச் சேர்க்கிறார்கள். மணக்கவில்லை, ஆனாலும் சந்தேகம் என்றால் சவர்க்காரத் தண்ணீரைத் தூரிகையால் றெகுலேட்டர் பூட்டும் இடத்திலும் பைப்பின் இரண்டு முனையிலும் பூசுங்கள், குமிழி வந்தால் அங்கேதான். தீக்குச்சி கொளுத்திப் பார்க்கிற ஆட்கள் இன்னமும் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம். மணம் பலமாக இருந்தால் சவர்க்காரத் தண்ணீர்ப் பரிசோதனையும் வேண்டாம், றெகுலேட்டரை மூடி, ஜன்னல் கதவைத் திறந்து, லைட் சுவிட்சில் கை வைக்காமல் வெளியே வந்துவிடுங்கள். பைப் வெடித்துக் கடினமாகியிருந்தால் கணக்குப் பார்க்காமல் மாற்றுங்கள்.

விலை மாறிக்கொண்டே இருக்கே. போன வருசத்தோட எப்படி ஒப்பிடுறது?

ரூபாவில் ஒப்பிட்டால் சமையலையும் விலையையும் குழப்பிக்கொள்வீர்கள். கிராமில் ஒப்பிடுங்கள். 12.5 கிலோவை 444 தட்டால் பிரித்தால் தட்டுக்கு 28 கிராம். அந்த 28 தான் உங்கள் குசினியின் எண், விலை ஏறினாலும் இறங்கினாலும் அது மாறாது.

எங்கள் அந்த 444 தட்டையே பழைய விலைகளில் வைத்துப் பாருங்கள். 2021 ஒக்டோபரில் விலைக் கட்டுப்பாடு நீங்கும் வரை லிட்ரோ 12.5 கிலோ 1,493 ரூபா, தட்டுக்கு 3 ரூபா 36 சதம். 2022 ஏப்ரலில் அது 4,860 ஆனபோது 10 ரூபா 95 சதம், அதுவும் கிடைத்தவர்களுக்கு. ஆறு மாதத்தில் மூன்று மடங்கு. அடுப்பில் ஒன்றும் மாறவில்லை, அதே பருப்பு, அதே 28 கிராம்.

5 கிலோ எடுத்தா நட்டமா?

காஸ் விலையில் கிட்டத்தட்ட இல்லை. 2024 இரண்டாம் பாதியில் லிட்ரோ விலை 12.5 கிலோ 3,690, 5 கிலோ 1,482, 2.3 கிலோ 694 ரூபா. கிலோவுக்கு முறையே 295, 296, 302 ரூபா என்று வருகிறது, எங்கள் 28 கிராம் தட்டுக்குச் சதக் கணக்கில்தான் வித்தியாசம். நட்டம் வருவது கொண்டுவரும் கூலியில். அதே 150 ரூபாவை 12.5 கிலோவுக்குக் கொடுத்தால் கிலோவுக்கு 12 ரூபா, 5 கிலோவுக்குக் கொடுத்தால் 30 ரூபா. கடை பக்கத்தில், தூக்கிக்கொண்டு வர ஆள் இருக்கிறது என்றால் 5 கிலோவில் ஒரு குறையும் இல்லை.

போர்டிங்ல நாலு பேர், ஒரு 5 கிலோ சிலிண்டர். ஒருத்தன் கிழமையில பாதி நாள் வெளியில சாப்பிடுறான். சமமாப் போடுறதா?

சமமாகப் போட்டால் அவன் வாய் திறக்க மாட்டான், ஆனால் மூன்றாவது மாதம் வேறு அறை தேடுவான். குசினிக் கதவில் ஒரு தாள் ஒட்டி, சாப்பிட்டதும் அவரவர் பெயருக்கு நேரே ஒரு கோடு. சிலிண்டர் முடியும்போது கோடுகள் 52, 40, 31, 17 என்றால் மொத்தம் 140. 1,482 ஐ 140 ஆல் பிரித்தால் கோட்டுக்கு 10 ரூபா 59 சதம். 52 கோட்டுக்காரர் சுமார் 550, 40 க்கு 423, 31 க்கு 328, 17 க்கு 180. சமமாகப் போட்டிருந்தால் ஆளுக்கு 370 ரூபா 50 சதம், 17 கோட்டுக்காரர் இரண்டு மடங்குக்கு மேல் கொடுத்திருப்பார்.

இதற்கும் ஒரு எல்லை உண்டு. நள்ளிரவில் நூடில்ஸ் போடுகிறவர், குளிக்கச் சுடுதண்ணீர் வைக்கிறவர் எல்லாம் கோடு போட மறப்பார்கள். அதற்குத் தனிச் சட்டம் போட்டால் சண்டைதான் மிஞ்சும்.

சின்னப் பிள்ளைக்கு அரைத் தட்டா?

முழுத் தட்டாகவே எண்ணுங்கள். பிள்ளை பாதி சாப்பிட்டாலும் சட்டி முழுக்கத்தான் கொதிக்கிறது.

ஃபோன்ல ஷீட் வச்சிருக்கேன், என்ன எழுதணும்?

A இல் பூட்டிய திகதி, B இல் கொடுத்த காசு கூலியோடு, C இல் தட்டு. அடுத்த சிலிண்டரை அடுத்த வரியில் எழுதும்போது அதன் பூட்டிய திகதியே முன்னையதின் முடிவு.

```
நாள் செலவு:     =B2/(A3-A2)
தட்டுச் செலவு:   =B2/C2
தட்டுக்கு கிராம்: =12500/C2
```

5 கிலோ என்றால் கடைசி வரியில் 12500 க்குப் பதில் 5000.

எனக்குத் தட்டு எண்ணப் பொறுமை இல்லை. இதில குறைஞ்சபட்சம் என்ன செய்யலாம்?

சிலிண்டரில் திகதியையும் விலையையும் மாஸ்க்கிங் டேப்பில் எழுதி ஒட்டுங்கள். மார்க்கரால் நேரே எழுதினால் சிலிண்டர் கடைக்குத் திரும்பிப் போகும்போது கணக்கும் கூடவே போய்விடும். டேப்பை உரித்து அலுமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டலாம். அடுத்த சிலிண்டர் பூட்டும்போது வழமையாக ஒரு நாளைக்கு எத்தனை தட்டு என்று மனதால் ஒரு எண், வீட்டில் சமைக்காத நாள் எத்தனை என்று ஒரு எண், இரண்டையும் அதே டேப்பில் கிறுக்கிவிடுங்கள். பத்தில் ஒன்று முன்னே பின்னே போகும், பரவாயில்லை. எங்கள் அலுமாரிக் கதவில் இப்போது ஏழு டேப் இருக்கிறது, நான்காவதில் மட்டும் திகதி இல்லை. அது நான் ஊரில் இல்லாத நாளில் பூட்டியது.